குடியிருப்பு பார்ட்டி ஹால்: டெபாசிட், நேரம், துப்புரவு, சத்தம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்ட்டி ஹால் முன்பதிவுகளைக் கவனிக்கும் குழுவில் நான் இருப்பதால், ஒரே சந்தேகங்கள் வெவ்வேறு வீடுகளிலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எடுத்து, எளியவை முதலாகவும் சிக்கலானவை பின்னாகவும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கட்டணத் தொகை சங்கத்தின் பொதுக்குழு முடிவைப் பொறுத்து மாறக்கூடியது. ஆகவே இந்தப் பக்கத்தில் விகிதங்களை மட்டுமே கொடுத்திருக்கிறேன். ஒரு வேளைக்கான ஹால் வாடகையை 120 பங்கு என்று வைத்துக்கொண்டால், டெபாசிட் 180 பங்கு, துப்புரவுக் கட்டணம் 20 பங்கு. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த அளவிலேயே அமைந்தவை.

1. சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான் ஹாலை எடுக்க முடியுமா? நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம்.

குடியிருக்கும் எவரும் எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் முதல் முறை முன்பதிவு செய்யும்போது மட்டும் வீட்டு உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் தர வேண்டும். சேதம் டெபாசிட்டைத் தாண்டி, குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்தும் போய்விட்டால், சங்கம் யாரிடம் பேசுவது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம். பராமரிப்புக் கட்டணம் நிலுவையில் உள்ள வீட்டுக்கு, நிலுவை தீரும்வரை முன்பதிவு கிடையாது.

2. வாடகைதான் கட்டுகிறோமே, அப்புறம் டெபாசிட் எதற்கு, துப்புரவுக் கட்டணம் எதற்கு?

மூன்றும் மூன்று வேறு வகைப் பணம். வாடகை என்பது இடத்தையும் நேரத்தையும் பயன்படுத்துவதற்கான விலை; அது சங்கத்தின் வருமானம், திரும்பி வராது. துப்புரவுக் கட்டணம் வழக்கமான ஒரு விழாவுக்குப் பின் பெருக்கித் துடைத்துக் கழிவறைகளைக் கழுவும் ஊழியர்களின் கூலி. டெபாசிட் மட்டும் உங்கள் பணம். ஹால் வாங்கிய நிலையில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும்வரை சங்கம் அதைத் தன்னிடம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அதைச் சங்கத்தின் கணக்கில் வருமானமாக எழுதாமல், திருப்பித் தர வேண்டிய கடனாகவே எழுதுகிறோம்.

இந்த வேறுபாட்டிலிருந்து ஒரு முக்கியமான விதி பிறக்கிறது: டெபாசிட்டிலிருந்து எதைப் பிடித்தாலும், பிடிப்பதற்கான காரணத்தைக் காட்ட வேண்டியவர் பணத்தை வைத்திருப்பவரே. “வழக்கமாகக் கொஞ்சம் பிடிப்போம்” என்பது எந்தக் குடியிருப்பிலும் ஏற்கத்தக்க பதில் அல்ல. அதேபோல் டெபாசிட் உங்கள் பொறுப்பின் உச்சவரம்பும் அல்ல. சேதம் 180 பங்கைத் தாண்டினால் மீதி தனிப் பற்றுச்சீட்டாக வீட்டுக்கு வரும்.

3. மாலை வேளை நாலு மணிக்குத்தானே தொடங்குகிறது? அலங்காரம் செய்பவர்கள் இரண்டு மணிக்கு வந்தால் என்ன?

வர முடியாது. வேளைகள் இரண்டு: காலை 9 முதல் பிற்பகல் 3 வரை, மாலை 4 முதல் இரவு 10 வரை. நீங்கள் எடுக்கும் ஆறு மணி நேரம் என்பது விழா நடக்கும் நேரம் மட்டுமன்று. அலங்காரம், நாற்காலி போடுதல், விழா, அலங்காரத்தைக் கழற்றுதல், குப்பை அகற்றுதல், சாவி ஒப்படைத்தல் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். இடையிலுள்ள ஒரு மணி நேரம் துப்புரவுக்கும் ஹாலைச் சரிபார்ப்பதற்கும் உரியது. அதை யாருக்கும் தருவதில்லை.

ஆகவே அழைப்பிதழில் நேரம் எழுதும்போது முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரவு 10 மணிக்குச் சாவி ஒப்படைக்க வேண்டுமானால், 9.30 மணிக்கு இசை நின்று விருந்தினர் விடைபெறத் தொடங்க வேண்டும். சாப்பாடு 8 மணிக்காவது தொடங்க வேண்டும். முன்பக்கத்தில் எளிய அலங்காரத்துக்கு ஒரு மணி நேரமும், பலூன் வளைவு, மேடைத் திரை போன்றவற்றுக்கு இரண்டு மணி நேரமும் போய்விடும். ஆக விருந்தினரை 4 மணிக்கே அழைப்பவர்கள் அநேகமாகப் பாதி அலங்காரத்தோடுதான் வரவேற்கிறார்கள். பெரிய அலங்காரம் தேவையென்றால் காலை வேளையையும் சேர்த்து எடுப்பது ஒன்றே வழி. தொடர்ந்து இரண்டு வேளை எடுப்பவர்களுக்கு இரண்டாவது வேளையின் வாடகை பாதிதான்.

4. சாவி வாங்கும்போது கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் என்ன இருக்கிறது? அவசரத்தில் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

டெபாசிட் முழுவதும் அந்தத் தாளில்தான் தொங்குகிறது. பத்து நிமிடம் அதற்கென்று ஒதுக்குங்கள். அது ஹாலின் அப்போதைய நிலைமைக் குறிப்பு: நாற்காலி, மேசை எண்ணிக்கை, உடைந்தவை எத்தனை, சுவரில் ஏற்கெனவே உள்ள கறைகள், எரியாத விளக்குகள், கழிவறைக் குழாய்கள், குளிர்சாதனங்களின் ரிமோட்டுகள். மேலாளரும் நீங்களும் சேர்ந்து சுற்றிவந்து நிரப்ப வேண்டும். நான்கு சுவர்களையும் தரையையும் கைப்பேசியில் ஒரே தொடர்ச்சியான காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனிப் படங்களைவிட அது மேலானது, ஏனென்றால் எந்தக் கறை எந்த மூலையில் இருந்தது என்பதில் பின்னால் குழப்பம் வராது.

ஒப்படைக்கும்போதும் இதே சுற்று, இதே தாளின் மறுபக்கத்தில். “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் பெரும்பாலான தகராறுகளின் வேர். நீங்கள் போன பிறகு, காலையில் கண்டுபிடிக்கப்படும் ஒரு கீறலை யார் போட்டார்கள் என்று நிறுவ இரு தரப்பாலும் முடியாது. எங்கள் விதி இரண்டு பக்கமும் வெட்டும்: மேலாளர் வெளியேறும் சுற்றுக்கு வரவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியும் எந்தச் சேதத்துக்கும் பின்னால் பிடித்தம் செய்ய முடியாது, நீங்கள் நிற்காமல் போய்விட்டால் மேலாளர் படத்தோடு எழுதியதே இறுதி.

5. விழா அரை மணி நேரம் நீண்டால் அவ்வளவு பெரிய குற்றமா?

குற்றமில்லை, ஆனால் கட்டணம் உண்டு. முதல் 15 நிமிடம் சலுகை. அதன்பின் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும், அல்லது அதன் பகுதிக்கும், வாடகையின் மணிக்கணக்கில் ஒன்றரை மடங்கு. ஆறு மணி நேரத்துக்கு 120 பங்கு என்றால் மணிக்கு 20. ஒன்றரை மடங்கு 30. அரை மணிக்கு 15 பங்கு. சாதாரண விகிதத்திலேயே வாங்கினால் கூடுதல் நேரத்தை முன்பே கேட்டு எடுப்பதற்கும் சொல்லாமல் இழுப்பதற்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். காத்திருக்கும் துப்புரவு ஊழியருக்கும் காவலாளிக்கும் மிகைநேரக் கூலியும் சங்கமே தருகிறது.

நேரம் முடிவது கடைசி விருந்தினர் போகும்போது அல்ல, சாவி கைமாறும்போது. அந்த நேரம் தாளில் எழுதப்படும். இரவு 10 மணிக்கு மேல் கூடுதல் நேரம் என்பது பொருட்களை அகற்றுவதற்கு மட்டுமே. பணம் கட்டினாலும் இசைக்கு அனுமதி இல்லை.

6. துப்புரவுக் கட்டணம் கட்டிய பிறகும் எங்களையே சுத்தம் செய்யச் சொல்வது என்ன நியாயம்?

கட்டணம் எதை உள்ளடக்குகிறது என்பது எங்கும் தெளிவாக எழுதப்படாததால் வரும் மனக்கசப்பு இது. ஊழியர்கள் செய்வது தரையைப் பெருக்கித் துடைப்பதும், கழிவறையும் கைகழுவும் இடமும் கழுவுவதும், கட்டி வைத்த குப்பையைக் கீழே கொண்டுபோவதும். இரண்டு பேருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. 20 பங்கு அந்த வேலைக்கு மட்டுமே உரியது. நீங்கள் செய்ய வேண்டியது அவர்கள் அந்த வேலையைத் தொடங்கக்கூடிய நிலையில் ஹாலை விடுவது. அதாவது அலங்காரம் கழன்றிருக்க வேண்டும், மீந்த உணவு வெளியேறியிருக்க வேண்டும், ஈரக் குப்பையும் உலர்ந்த குப்பையும் தனித்தனிப் பைகளில் கட்டப்பட்டிருக்க வேண்டும், நாற்காலிகள் அடுக்கப்பட்டிருக்க வேண்டும், கொட்டியது துடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதைத் தாண்டிய வேலைக்கு ஆள்-மணி கணக்கில் கூடுதலாகப் பிடிக்கிறோம். ஒரு ஆளுக்கு ஒரு மணிக்கு 3 பங்கு. அதிக நேரம் தின்பவை இரண்டு. ஒன்று, வெடித்துச் சிதறும் மினுமினுப்புத் துகள்கள்: அவை ஈரத்துணியில் ஒட்டி, துடைக்கத் துடைக்க ஹால் முழுவதும் பரவும், உலர்ந்த நிலையிலேயே பெருக்கி எடுக்க வேண்டும் என்பதால் ஒரு முறைக்கு மூன்று முறை பெருக்க நேர்கிறது. எனவே அவை இங்கே தடை. பெரிய காகிதத் துண்டுகளுக்குத் தடையில்லை. மற்றொன்று, பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டப்படும் எண்ணெயும் குழம்பும். சூடாக ஊற்றும்போது சுலபமாகப் போவது போலத் தோன்றும். குழாய்க்குள் ஆறியதும் கொழுப்பு உறைந்து, பின்னால் வரும் உணவுத் துணுக்குகளைப் பிடித்துவைத்து அடைப்பாகும். அடைப்பு உங்கள் விழாவில் தெரியாது, அடுத்தவர் விழாவில்தான் தெரியும். யாரிடம் பிடிப்பது என்றும் சொல்ல முடியாது. மீந்ததை மூடியுள்ள பாத்திரத்திலோ பையிலோ எடுத்துச் செல்லுங்கள்.

7. தரையில் எண்ணெய் கொட்டிவிட்டது. ஊழியர் வருமுன் நாங்களே ஏதாவது போட்டுத் தேய்த்துவிடலாமா?

தேய்க்க வேண்டாம், எதைப் போடுகிறீர்கள் என்பதில் இன்னும் கவனம் வேண்டும். ஹாலின் தரை மார்பிள். மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலம் பட்டால் கரையும். எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிவறை கழுவும் அமிலத் திரவம் ஆகியவற்றை எண்ணெய்க் கறைமேல் ஊற்றுபவர்கள், துடைத்தால் போயிருக்கக்கூடிய கறையைத் துடைத்தாலும் போகாத வடுவாக்கிவிடுகிறார்கள். அந்த மங்கலான திட்டு கறையே அல்ல, கல்லின் மேற்பரப்பு அரிக்கப்பட்ட இடம். எந்தச் சோப்புக்கும் அது போகாது, மெருகு எந்திரம் கொண்டுவந்து மீண்டும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். எண்ணெய்க் கறைக்கான பிடித்தத்தையும் மெருகூட்டும் செலவையும் ஒப்பிட்டால், பின்னது பல மடங்கு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காகிதத்தாலோ பழைய துணியாலோ அழுத்தி ஒற்றி எடுங்கள், பரவாமல் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். பின் அந்த இடத்தில் சமையல் சோடா மாவைத் தடிமனாகத் தூவி விட்டுவிட்டு, தாளில் எழுதிச் சொல்லுங்கள். மாவு இரவு முழுவதும் எண்ணெயை உறிஞ்சும், காலையில் ஊழியர் பெருக்குவார். சோடா காரத்தன்மை கொண்டது, அது மார்பிளை அரிக்காது. நேரத்தோடு சொல்லப்பட்ட எண்ணெய்க் கறைக்கு நாங்கள் பெரும்பாலும் எதுவும் பிடிப்பதில்லை. மெழுகுவர்த்தி மெழுகு சிந்தினால் சூடாக இருக்கும்போது துடைக்காதீர்கள்; ஐஸ் பையை வைத்து உறையவைத்துப் பிளாஸ்டிக் அட்டையால் பெயர்த்தால் முழுதாக வந்துவிடும்.

8. சுவரில் டேப் ஒட்டக் கூடாது என்கிறீர்கள். பிறகு அலங்காரம் எங்கே தொங்குவது?

சுவரின் மேல்பகுதியில் ஓடும் மரப்பட்டியிலுள்ள கொக்கிகளிலும், அலங்காரக்காரர் கொண்டுவரும் தனி நிலைச்சட்டங்களிலும் தொங்கலாம். டேப் ஒட்டும்போது சேதம் செய்வதில்லை, உரிக்கும்போதுதான் செய்கிறது. இரட்டைப் பக்க டேப் பெயின்ட்டோடு சேர்ந்து வரும். அந்த இடத்தை மட்டும் பூசினால் பழைய பெயின்ட்டுக்கும் புதியதற்கும் நிறம் ஒத்துவராமல் ஒட்டுப்போட்டது போல் தெரியும், ஆகவே ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை முழுச் சுவரையும் பூச வேண்டியிருக்கிறது. உள்ளங்கை அளவு உரிந்ததற்கு ஒரு சுவரின் செலவா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். முழுச் செலவும் அவர்கள் தலையில் விழுவதில்லை என்பதை 11-ஆம் பதிலில் காணலாம்.

9. பத்து மணிவரை ஹால் எங்களுடையது. எட்டு மணிக்கே வந்து சத்தத்தைக் குறை என்றால் எப்படி?

நேர வரம்பும் சத்த வரம்பும் வேறு வேறு. 9.30 மணி என்பது இசை முற்றிலும் நிற்க வேண்டிய நேரம். அதுவரை எந்த அளவிலும் ஒலிக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. எங்கள் அளவுகோல் எளியது: மேலேயோ பக்கத்திலோ உள்ள வீட்டின் படுக்கையறையில், கதவும் சன்னலும் மூடியிருக்கும்போது, பாட்டின் தாளம் தெளிவாகக் கேட்கவோ உணரவோ கூடாது. புகார் வந்தால் காவலாளி மட்டும் வந்து சொல்வதில்லை. குழுவில் ஒருவர் புகார் செய்தவரின் அறையில் நின்று கேட்டு, நேரத்தைக் குறித்த பிறகே கீழே வருகிறோம். முதல் முறை எச்சரிக்கை, பிடித்தம் இல்லை. இரண்டாம் முறை உறுதியானால் 30 பங்கு. மூன்றாம் முறை ஒலி அமைப்பின் மின் இணைப்பு துண்டிக்கப்படும்.

“கொஞ்சம் குறைத்துவிட்டோம்” என்று சொல்லியும் மேலே வேறுபாடு தெரியாததற்குக் காரணம் உண்டு. ஒலிபெருக்கியின் திறனைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல்தான், காது அதைச் சிறு மாற்றமாகவே உணரும். சத்தம் பாதியாகிவிட்டது என்று காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். அதற்குத் திறன் பத்தில் ஒரு பங்காக வேண்டும். மேலும் வீடுகளைத் தொந்தரவு செய்வது பாடகரின் குரல் அல்ல, கீழ்நிலை ஒலியான பேஸ். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதைச் சாதாரணச் சுவரோ கதவோ தடுப்பதில்லை. சப்வூஃபரைத் தரையில் வைத்தால் அதிர்வு கான்கிரீட் தளத்துக்குள் இறங்கித் தூண்கள் வழியாக ஏறுகிறது. நேர்மேலே உள்ள வீட்டில் கேட்காமல் இரண்டு மாடி தள்ளிய வீட்டிலிருந்து புகார் வருவது இதனால்தான். அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே ஒலி அமைப்பவரிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒட்டுமொத்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதைவிட பேஸைக் குறைக்கச் சொல்வது. சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்துங்கள், மூலையில் இரு சுவர்களும் தரையும் சேர்ந்து பேஸைப் பெருக்கும். தடித்த ரப்பர் பாய்மேல் வையுங்கள். ஹால் அலமாரியில் நான்கு பாய்கள் உள்ளன, கேட்டால் கிடைக்கும். கதவுகளை மூடி வையுங்கள். இவற்றைத் தொடக்கத்திலேயே செய்தவர்களிடம் நாங்கள் இரண்டாம் முறை போனதாக நினைவில்லை.

10. கைப்பேசிச் செயலியில் அளந்து பார்த்தோம், வரம்புக்குள்தான் இருந்தது. அதற்கும் புகாரா?

செயலி பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டும் எண் இந்தப் புகாருக்குரிய எண் அல்ல. பெரும்பாலான செயலிகள் காட்டுவது “ஏ” எடையிட்ட டெசிபல். மனிதக் காது பேஸ் போன்ற தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே கேட்கும் என்பதற்காக, அந்த அளவீடு அவற்றைக் குறைத்துக் கணக்கிடுகிறது. 63 ஹெர்ட்ஸில் அந்தக் கழிவு ஏறத்தாழ 26 டெசிபல். அறைக்குள் 70 டெசிபல் பேஸ் அதிர்ந்துகொண்டிருந்தாலும் திரையில் 44 என்றுதான் வரும். போதாக்குறைக்குக் கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை அது சரியாகப் பிடிப்பதும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டி, இரவில் படுக்கையறைக்குள் சராசரி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது; தாழ்ந்த ஒலி மிகுதியாக இருந்தால் அதைவிடக் குறைவான அளவே ஏற்றது என்றும் சொல்கிறது. இந்தச் சிக்கல்களால்தான் எண்ணை விட்டுவிட்டு, அறையில் நின்று காதால் கேட்டுத் தீர்மானிக்கும் முறையை வைத்திருக்கிறோம். அதில் ஒருவரின் மனநிலை கலந்துவிடும் என்ற எதிர்ப்பு நியாயமானதே. அதனால்தான் புகார் செய்தவர் சொல்லை மட்டும் வைத்து ஒருபோதும் பிடித்தம் செய்வதில்லை.

11. எங்களுக்கு 127 பங்குதான் திரும்பி வந்தது. மீதியை எப்படிக் கணக்கிட்டீர்கள்?

மாலை வேளையில் நடந்த ஒரு பிறந்தநாள் விழா. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு கணக்கை அப்படியே தருகிறேன். சாவி கைமாறியது இரவு 10.50. சலுகை 15 நிமிடம் போக 35 நிமிடம். அரை மணியும் அடுத்த அரை மணியின் பகுதியும் சேர்ந்து இரண்டு அரை மணிகள், 30 பங்கு. மினுமினுப்புத் துகள் வெடித்திருந்ததால் இரண்டு ஊழியர்கள் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார்கள். மூன்று ஆள்-மணி, 9 பங்கு. இசை குறித்து ஒரு எச்சரிக்கை மட்டுமே இருந்ததால் அதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு நாற்காலி உடைந்திருந்தது. புதிய நாற்காலியின் விலை 10 பங்கு. ஆனால் அவர்கள் உடைத்தது புதியதன்று, மூன்று ஆண்டு பழையது. நாற்காலியின் ஆயுளை ஐந்து ஆண்டு என்று வைத்திருக்கிறோம். மிஞ்சியிருந்தது ஐந்தில் இரண்டு பங்கு ஆயுள், ஆகவே பிடித்தது 4 பங்கு. சுவரில் டேப் உரிந்த இடத்துக்காக முழுச் சுவரும் பூச ஆன செலவு 50 பங்கு. பெயின்ட்டின் ஆயுளும் ஐந்து ஆண்டு. அதில் நான்கு ஆண்டு கழிந்திருந்தது. எப்படியும் அடுத்த ஆண்டு சங்கம் பூசியிருக்க வேண்டிய சுவர் அது. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10 பங்கு பிடித்தோம். மொத்தம் 30, 9, 4, 10 சேர்ந்து 53. 180-இல் 53 போக 127.

தேய்மானத்தைக் கழிக்காமல் புதுப்பொருளின் விலையைப் பிடிக்கும் சங்கங்கள் பல உண்டு. அப்படிச் செய்தால் ஒரே பழைய நாற்காலியின் விலையைப் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு முறையும் டெபாசிட்டில் ஒரு முறையும் குடியிருப்போரே கட்டியதாக ஆகிவிடும். உங்கள் ரசீதில் பொருளின் வயது எழுதப்படவில்லை என்றால் கேளுங்கள். டெபாசிட் ஏழு நாட்களுக்குள் படங்களோடும் பற்றுச்சீட்டுகளோடும் திரும்ப வேண்டும். அதற்குள் எழுத்தில் காரணம் வரவில்லை என்றால் முழுத்தொகையும் உங்களுக்கே.

12. விழாவை ரத்து செய்தால் எவ்வளவு போகும்?

15 நாட்களுக்கு முன்பே சொன்னால் வாடகை முழுதும் திரும்பும். 7 முதல் 14 நாட்களுக்கு முன் என்றால் பாதி. அதற்கும் பின்னால் எதுவும் இல்லை, ஆனால் அந்த வேளையை வேறொருவர் எடுத்துக்கொண்டால் முழுதும் திரும்பும். டெபாசிட்டும் துப்புரவுக் கட்டணமும் எப்போது ரத்து செய்தாலும் முழுதாகத் திரும்பும். ஹால் திறக்கப்படவே இல்லையென்றால் அவற்றில் பிடிக்க எதுவும் இல்லை.

13. காலை விழாக்காரர்கள் தாமதமாகக் காலி செய்ததால் எங்களுக்கு நாலரை மணிக்குத்தான் ஹால் கிடைத்தது. அந்த நேரத்தை இரவில் சேர்த்துத் தருவீர்களா?

தர முடியாது, 9.30-க்கு இசை நிறுத்தம் என்பது ஹாலை எடுத்தவருக்கும் சங்கத்துக்கும் இடையிலான ஏற்பாடு மட்டுமன்று, தூங்கப்போகும் மற்ற வீடுகளுக்குக் கொடுத்த உறுதி. பொருட்களை அகற்றுவதற்கு மட்டும், இழந்த நேரத்துக்கு ஈடாக, கட்டணமின்றி நேரம் தரப்படும். இழந்த அரை மணிக்கான வாடகை, உங்கள் விகிதத்தில் 10 பங்கு, திருப்பித் தரப்படும். அது காலை விழாக்காரரிடம் 5-ஆம் பதிலின்படி பிடித்த மிகைநேரக் கட்டணத்திலிருந்து வருகிறது. இரண்டு வேளைக்கும் இடையே ஒரு மணி நேர இடைவெளி இருந்தும் உங்கள் தொடக்கம் தள்ளிப்போகிறது என்றால் அவர்கள் மிகவும் தாமதித்திருக்கிறார்கள் என்று பொருள். துப்புரவை அவசரமாக முடித்திருப்பார்கள் என்பதால், நிலைமைத் தாளை அன்று இரட்டிப்புக் கவனத்தோடு நிரப்புங்கள்.

14. நாற்காலியை உடைத்தது கேட்டரிங்காரர்களின் ஆள். நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?

சங்கத்துக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அவர்களோடு ஒப்பந்தம் செய்தவரும் நீங்களே. பிடித்தம் உங்கள் டெபாசிட்டில் நடக்கும், அதை அவர்களிடம் வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை. இதற்கு நடைமுறையில் பலன் தரும் வழி ஒன்றுதான்: கேட்டரிங், அலங்காரம், ஒலி ஆகிய மூவருக்கும் தர வேண்டிய மீதித் தொகையை, ஹாலின் வெளியேறும் சுற்று முடிந்து தாளில் கையெழுத்தான பிறகு கொடுப்பதாக முன்பே பேசிவிடுங்கள். பணம் முழுதும் கைக்குப் போன பிறகு தொலைபேசியை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் குறைவு. இரவு எடுக்க முடியாமல் அவர்கள் விட்டுச்செல்லும் பொருட்களுக்குச் சங்கம் பொறுப்பேற்காது, அவை ஹாலில் இருக்கும்வரை சாவி ஒப்படைத்ததாகவும் கருதப்படாது.

15. வெளியில் இருக்கும் என் நண்பருக்காக என் பெயரில் எடுத்துக் கொடுக்கலாமா? பணம் எல்லாம் அவர்தான் தருவார்.

விழா யாருடையது என்பதை மறைக்காமல் சொன்னால் அனுமதி உண்டு. வாடகை மட்டும் இரு மடங்கு, டெபாசிட் அதே அளவு. ஆனால் சாவி வாங்குவதும் கொடுப்பதும் நீங்களாக இருக்க வேண்டும், விழா முழுவதும் குடியிருப்புக்குள் இருக்க வேண்டும். டெபாசிட் யார் கணக்கிலிருந்து வந்தாலும் திரும்புவது உங்கள் கணக்குக்கு மட்டுமே. பிடித்தம் அதைத் தாண்டினாலும் பற்றுச்சீட்டு உங்கள் வீட்டுக்கே வரும். மறைத்து எடுத்தது தெரியவந்தால் வாடகை வித்தியாசம் டெபாசிட்டில் பிடிக்கப்படும், ஆறு மாதத்துக்கு அந்த வீட்டுக்கு முன்பதிவு நிறுத்தப்படும். அழைப்பிதழில் உள்ள பெயர், வாயிலில் பதிவாகும் வாகனங்கள், விருந்தினர் சொல்லும் வீட்டு எண் ஆகியவற்றிலிருந்து இது எளிதாகவே தெரிந்துவிடுகிறது.

16. பிடித்தத்தை ஏற்கவில்லை என்றால் யாரிடம் போவது? குழு சொல்வதே முடிவா?

பிடித்த ரசீது கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்; எந்த வரியை ஏற்கவில்லை என்று குறிப்பிட்டு, உங்களிடம் உள்ள காணொளியையும் சேர்த்தால் போதும். ஆட்சேபம் இல்லாத தொகை உடனே திருப்பித் தரப்படும். தகராறுள்ள வரிக்காக முழு டெபாசிட்டையும் நிறுத்திவைக்க யாருக்கும் அதிகாரமில்லை. அந்த வரியைப் பார்ப்பவர்கள் முன்பதிவுக் குழுவில் இல்லாத இரண்டு குடியிருப்போர். அன்று வெளியேறும் சுற்றில் இருந்த எவரும் அவர்களோடு உட்கார மாட்டார்கள். நிலைமைத் தாளின் இரு பக்கங்களையும் படங்களையும் மட்டும் வைத்துத் தீர்மானிப்பார்கள். தாளில் முன்பக்கம் அந்தப் பொருள் நல்ல நிலையில் இருந்ததாக எழுதப்படவே இல்லை என்றால், பிடித்தம் நீக்கப்படும்.